பொம்பிளை வீட்டு அப்பா பேசப்போகும் நாலு நிமிசம்: நிச்சயதார்த்த வரவேற்புரைக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து நிச்சயதார்த்தத்தில் பொம்பிளையின் அப்பா பேசுவதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்து, ஆலாத்தி எடுத்து, பெண்கள் குரவையிட்டு, பன்னீரும் சந்தனமும் கொடுத்து, எல்லாரும் பந்தலுக்குள் இருந்து ஒரு வாய் குளிர்பானம் குடித்த பிறகு வருவது அந்த இடம். அதற்கு அடுத்ததாகப் பெரியவர்கள் தட்டுகளை எடுப்பார்கள், மோதிரம் மாற்றுவார்கள். இடையில் கிடைப்பது நாலு நிமிசம். ஐந்தாவது நிமிசத்தில் பின்வரிசையில் கதை தொடங்கிவிடும், ஏழாவதில் ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

முதல் தடவை பேசப்போகும் அப்பாமாருக்காக எழுதியது இது. எங்கட பக்கத்தில் தாய்வழி வழக்கம் உள்ள சைவக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். கத்தோலிக்கக் குடும்பங்களில் ஃபாதர் மோதிரங்களை ஆசீர்வதிக்க முதல் இதே உரை வரும். அங்கே கோயில் பகிடியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

இணையத்தில் கிடைக்கும் உரை ஏன் பொருந்தாது

தேடிப் பார்த்தால் ஆயத்தமான வரவேற்புரைகள் நிறையக் கிடைக்கும். அநேகமாக எல்லாவற்றிலும் நடுவில் ஒரு வரி வரும்: “எங்கள் கண்ணின் மணியை உங்கள் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம், அவளை உங்கள் மகளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.” பொம்பிளை மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் ஊர்களுக்கு அது சரி. எங்கட ஊரில் மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்கு வருகிறார். வீடும் வளவும் மகளுக்கு, குடி தாய்வழி, மருமகன் வந்து சேருகிறவர். அந்த வரியை இங்கே வாசித்தால் முன்வரிசையில் இருக்கும் மாப்பிள்ளையின் அம்மா, ‘போகிறது என்ர பிள்ளையல்லவா’ என்று மனதுக்குள் நினைப்பா. அந்த அம்மாவுக்கு அன்றைக்கு மனம் கொஞ்சம் பாரமாகத்தான் இருக்கும். வரவேற்புரையின் முக்கால்வாசி வேலை அந்தப் பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைப்பதுதான்.

ஆகவே உரையின் நடுத்தண்டு மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சொல்லும் நன்றி. மகளைப் பற்றிய புகழ்ச்சிக்கு அதற்குப் பிறகுதான் இடம். இதை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தன்னால் ஒழுங்குக்கு வரும்.

இதே வழக்கம் அப்பாவுக்கு இன்னொரு வசதியையும் தருகிறது. பேசப்போகும் அப்பாவும் அந்த வீட்டுக்கு ஒருநாள் மாப்பிள்ளையாக வந்தவர்தான். அவருடைய குடி வேறு, மனைவியினதும் மகளினதும் குடி வேறு. ‘வந்த மாப்பிள்ளை’ என்ற வகையில் அந்தப் பந்தலில் புது மருமகனுக்கு உண்மையான கூட்டாளி அவர் ஒருவர்தான். உரையின் பகிடி எல்லாம் இந்த ஊற்றிலிருந்து வரட்டும். அப்போது யாரையும் நோகடிக்காது, ஏனென்றால் சிரிப்புக்கு ஆளாகிறவர் பேசுகிறவரே.

ஒரு கிழமைக்கு முன்னர் கேட்க வேண்டியவை

எழுத உட்காரமுதல் மாப்பிள்ளை பக்கத்தில் விசயம் தெரிந்த ஒருவரிடம் போனில் கேளுங்கள். தரகரை விட, மாப்பிள்ளையின் அக்காவோ சித்தியோ நல்லது. தரகர் எல்லாவற்றுக்கும் “அதெல்லாம் பிரச்சினையில்லை” என்றுதான் சொல்லுவார்.

முதலாவது, யார் யார் வருகிறார்கள், மாப்பிள்ளை அவர்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறார் என்று கேளுங்கள். அதிலும் தாய்மாமனைப் பற்றி வடிவாகக் கேட்டு வையுங்கள். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தை நடத்திக்கொண்டு வருகிறவர் பெரும்பாலும் அவர்தான். பதில் உரை பேசுகிறவரும் அவராக இருக்கலாம். அவரை விட்டுவிட்டு ஊர்ப் பிரமுகர் ஒருவரைச் சொல்லி வரவேற்றால், அந்தக் குறை கலியாணம் முடிந்து பிள்ளைக்குக் காது குத்தும் வரைக்கும் பேசப்படும்.

இரண்டாவது, யார் இல்லை என்பதையும் கேட்க வேண்டும். 1990ஐயும் 2004 டிசம்பர் 26ஐயும் கடந்து வந்த கரை இது. தகப்பனோ மூத்த பிள்ளையோ இல்லாத வீடுகள் கனக்க. மாப்பிள்ளையின் தகப்பன் காலமாகியிருந்தால் அவரை ஒரு வசனத்தில் நினைக்க வேண்டுமா, வேண்டாமா என்று அந்த அம்மாவின் விருப்பத்தை அறிந்து வையுங்கள். சொல்லலாம் என்றால் ஒரு வசனம், அதுவும் உரையின் முதற்பாதியில். எப்படிக் காலமானார், எந்த வருசம் என்பதெல்லாம் மைக்கில் வரக்கூடாது. தகப்பன் இல்லாத வீடுகளில் அம்மா தானாகவே பின்வரிசையில் போய் இருந்துவிடுவா, மங்கல காரியம் என்று ஒதுங்குவா. அப்பா பேச எழும்பமுதல் பொம்பிளையின் அம்மா போய் கையைப் பிடித்து அவவை முன்வரிசைக்குக் கூட்டிவர வேண்டும். உரையில் முதல் வணக்கம் அவவுக்குப் போக வேண்டும். இந்த இரண்டையும் செய்துவிட்டால், உரை கொஞ்சம் தடுமாறினாலும் அந்தக் குடும்பம் அதைப் பெரிதாக எடுக்காது.

மூன்றாவது, எதைக் கதைக்கக்கூடாது என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். மாப்பிள்ளைக்கு முதல் பேசி நின்றுபோன சம்பந்தம், கோபத்தில் வராமல் நிற்கும் சித்தப்பா, இன்னும் நிரந்தரமாகாத வேலை என்று எல்லா வீட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கும்.

பிறகு முறைகளைச் சரிசெய்யுங்கள். மாப்பிள்ளையின் அம்மா பொம்பிளையின் அப்பாவுக்குச் சகோதரி முறை, அப்பா மச்சான் முறை. அப்படியென்றால் தாய்மாமன் அண்ணனோ தம்பியோ ஆகிறார், மாப்பிள்ளையின் பெரியப்பா பெரிய மச்சான் ஆகிறார். வயதைப் பார்த்து அக்காவா, தங்கச்சியா என்று தீர்மானியுங்கள். வயது தெரியாவிட்டால் “சம்பந்தியம்மா” என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அதில் நெருக்கம் குறைவு. ஏற்கெனவே சொந்தம் என்றால் பழைய முறையையே சொல்லுங்கள். நேற்றுவரை அக்கா என்று கூப்பிட்டவரை மேடையில் “சம்பந்தியம்மா” என்றால் சபை சிரிக்கும், அது நீங்கள் கேட்ட சிரிப்பாக இராது.

உரையின் ஒழுங்கு

நாலு நிமிசத்துக்குத் தமிழில் முந்நூறு, முந்நூற்றைம்பது சொல் போதும். கொப்பித் தாளில் பெரிய எழுத்தில் எழுதினால் ஒன்றரைப் பக்கம். ஆறு சிறு துண்டுகளாக எழுதுங்கள்: வணக்கமும் வாங்கவும், வந்த வழி, மாப்பிள்ளையின் அம்மா, மருமகன், மகள், பந்தி. மகளைப் பற்றிய துண்டைக் கடைசியில் வைக்கவே கூடாது. அழுகை வருவது அங்கேதான். கடைசியில் வைத்தால் அழுகையோடு உரை முடியும், பெண்கள் எல்லாரும் கண்ணைத் துடைப்பார்கள், அடுத்த நிமிசம் மோதிரம் மாற்ற வேண்டியவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பார்கள். மகள் துண்டை மூன்று வசனத்துக்குள் அடக்கி, அதற்குப் பின்னால் உடனே ஒரு பகிடியை வையுங்கள். தொண்டை அடைத்தாலும் அந்தப் பகிடி கை கொடுத்துத் தூக்கிவிடும்.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பொம்பிளை வீடு மட்டக்களப்பு அமிர்தகழியில். மாப்பிள்ளை வீட்டார் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலிலிருந்து இரண்டு வானில் வருகிறார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் இல்லை. அம்மாவும் அவவின் அண்ணனும்தான் முன்னுக்கு நிற்கிறார்கள். தகப்பனின் தம்பி கனடாவில் இருந்து வீடியோவில் பார்க்கிறார். ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. அந்த அப்பா இப்படிப் பேசலாம்:

“எல்லாருக்கும் வணக்கம்.

அக்கா, முதல் வணக்கம் உங்களுக்குத்தான். வாங்க. அண்ணன், வாங்க. அம்மம்மா, பெரிய மச்சான், திருக்கோவிலில இருந்து விடியச்சாமம் எழும்பி வெளிக்கிட்டு வந்த சொந்தக்காரர் எல்லாரும் வாங்க. கனடாவில நடுச்சாமம் ஒரு மணிக்கு நித்திரையை விட்டுட்டுப் போனில பாத்துக்கொண்டிருக்கிற சின்ன மச்சானும் வாங்க. சாப்பாட்டைப் போனால அனுப்ப ஏலாது, உங்கட பங்கையும் நாங்களே பாத்துக்கொள்றம்.

அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிக்குடி எல்லாம் தாண்டி, கல்லடிப் பாலத்தையும் கடந்து வந்திருக்கிறீங்க. இவ்வளவு நேரம் வானுக்குள்ள இருந்த களை முகத்தில தெரியாமச் சிரிச்சுக்கொண்டு இருக்கிறீங்க. அதுக்கே ஒரு நன்றி.

இன்றைக்கு மச்சானும் இந்த முன்வரிசையில இருந்திருக்கவேணும். அவர் ஆசைப்பட்ட மாதிரியே பிள்ளையை வளர்த்து, படிப்பிச்சு, இந்த முற்றம்வரைக்கும் அக்கா கூட்டிக்கொண்டு வந்திருக்கிறா. எங்கட வழக்கப்படி மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்கு வாறது. அப்படிப் பாத்தா, தாறது நீங்க அக்கா, வாங்கிக்கொள்றது நாங்க. வாங்கினதைத் திருப்பித் தர மாட்டம். ஆனா கிழமைக்கு ஒருக்காக் கொண்டுவந்து காட்டுவம். நீங்க வந்து பாக்கிறதெண்டா நாள் நேரம் கேக்கத் தேவையில்லை, இந்தப் படலை பூட்டுறதில்லை.

மருமகன், உங்களுக்கும் ஒரு கதை இருக்கு. இருபத்தெட்டு வருசத்துக்கு முதல் நானும் இந்த வளவுக்கு மாப்பிள்ளையா வந்தவன்தான். இப்ப நீங்க இருக்கிற மாதிரித்தான் நானும் வேர்த்துப்போய் இருந்தனான். அண்டைக்கு என்ர மாமா, ‘தம்பி, இனி இது உங்கட வீடு’ எண்டார். நானும் நம்பிட்டன். இண்டைவரைக்கும் டீவி ரிமோட் என்ர கைக்கு வரல்ல. இனி நாம ரெண்டு பேர் இருக்கிறம், சேர்ந்து கேட்டுப் பாப்பம்.

மகளைப் பற்றி நான் கனக்கக் கதைக்க மாட்டன். மனசில ஒண்டு, வாயில ஒண்டு வைக்கத் தெரியாத பிள்ளை. அது நல்ல குணமா இல்லையா எண்டது மருமகனுக்குப் போகப் போகத் தெரியும்.

போன மாசம் ஆடி அமாவாசை. திருக்கோவிலில முருகனுக்குத் தீர்த்தம், அதே நாள் இங்க மாமாங்கத்தில தீர்த்தம். வாற வருசம் எந்தத் தீர்த்தத்துக்குப் போறது எண்டு இவங்க ரெண்டு பேருக்கும் ஒரு வழக்கு வரும். அந்த வழக்கில நான் மருமகன் பக்கம், அக்கா என்ர மகள் பக்கம். இப்பவே சபையில சொல்லி வைக்கிறன்.

எல்லாம் முடிஞ்ச உடனே ஒருத்தரும் சாப்பிடாமப் போகக்கூடாது. தயிர் சட்டி சட்டியா இருக்கு, அதை முடிக்காம வானை விடமாட்டம். இனி எங்கட பெரியவர் காரியத்தை நடத்தித் தருவார். அண்ணன், நீங்களும் ரெண்டு வார்த்தை கதைக்கவேணும். எல்லாருக்கும் சந்தோசம், வணக்கம்.”

இதில் எது என்ன வேலை செய்கிறது

வழியைச் சொல்லும்போது ஊர்ப் பெயர்களைச் சொன்னதைக் கவனியுங்கள். “நெடுந்தூரம் பயணித்து வந்திருக்கும்” என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் அது தங்களைப் பற்றியதாகத் தெரியாது. அக்கரைப்பற்று, கல்முனை என்று சொன்ன உடனே வானில் வந்தவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் பெயர்களை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். திருக்கோவிலிலிருந்து வருகிறவர்கள் அக்கரைப்பற்றைத்தான் முதலில் காண்பார்கள். வரிசையை மாற்றிச் சொன்னால் ஒரு மாமா இருந்த இடத்திலிருந்தே திருத்துவார். மூன்று ஊருக்கு மேல் வேண்டாம்.

“தாறது நீங்க, வாங்கிக்கொள்றது நாங்க” என்பதுதான் உரையின் மையம். அதைச் சொல்லும்போது சபையைப் பார்க்காமல் அந்த அம்மாவைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்லி முடித்து ஒரு மூச்சு விடுங்கள். அவ சிரித்தாலோ கண்ணைத் துடைத்தாலோ சரியான இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. உடனே “திருப்பித் தர மாட்டம்” என்று தொடர்ந்தால் கனம் குறையும். தகப்பன் உயிரோடு இருக்கிற வீடென்றால் “மச்சானும் இந்த முன்வரிசையில” என்ற இடத்தில் அவரையும் அம்மாவையும் சேர்த்துச் சொல்லுங்கள், நன்றி இருவருக்கும் போகட்டும். ஆனால் கண் அம்மாவின் பக்கமே இருக்கட்டும்.

கிழமைக்கு ஒருக்கா என்று சொன்னால் அது வாக்கு. சொந்தக்காரர் அதை மறக்க மாட்டார்கள். திருக்கோவில் தூரத்துக்கு மாதம் ஒருக்காத்தான் ஏலும் என்றால் மாதம் ஒருக்கா என்றே சொல்லுங்கள்.

ரிமோட் பகிடிக்குப் பதிலாக உங்கள் வீட்டுச் சாமானைப் போடுங்கள். மோட்டார் சைக்கிள் திறப்பு, சாய்கதிரை, முதல் பிளேன்டீ, எதுவாகவும் இருக்கலாம். இரண்டு விதி மட்டும்: அது சின்னப் பொருளாக இருக்க வேண்டும், வீட்டில் உள்ளவர்களுக்கு உண்மையென்று தெரிந்திருக்க வேண்டும். உண்மையென்றால் பொம்பிளை வீட்டார்தான் முதலில் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு மற்றப் பக்கத்துக்கும் தொற்றும். பெரிய பொருளைப் பற்றிப் பகிடி விடப் போனால், உதாரணமாக “இந்த வீடு இன்னும் என்ர பேரில இல்லை” என்று தொடங்கினால், சபையில் பாதிப்பேர் சிரிப்பை விட்டுவிட்டு உறுதி யார் பேரில் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

தீர்த்தப் பகிடி இந்த இரண்டு ஊருக்கும் மட்டுமே பொருந்தும். மாமாங்கேஸ்வரர் கோயிலிலும் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலிலும் ஆடி அமாவாசையன்றே தீர்த்தம் என்பதால் அது எடுபடுகிறது. உங்களுக்கு உங்கள் இரண்டு ஊருக்கும் இடையில் உள்ள ஒன்றைத் தேடுங்கள். படுவான்கரையும் எழுவான்கரையும் என்றால் வாவியும் பாலமும் இருக்கிறது. ஒரு பக்கம் வயல்காரர், மற்றப் பக்கம் கடற்தொழில் என்றால் சோறும் மீனும் ஒரே கோப்பையில் வந்துவிட்டது என்று சொல்லலாம். இரண்டு ஊரிலும் ஒரே காலத்தில் கண்ணகி அம்மன் சடங்கு என்றால் யார் ஊரில் யார் நிற்பது என்று வழக்குத் தொடுக்கலாம். அப்பா மருமகன் பக்கம், மாமி மருமகள் பக்கம் என்று மாற்றிப் போடுவதை மட்டும் விடாதீர்கள். அந்தத் திருப்பம் இல்லாவிட்டால் அது வெறும் ஊர்ச் சண்டை.

தொடக்கூடாத பகிடிகள்

சீதனம், நகை, காணி, வீட்டு வேலை முடிந்தது முடியாதது எதுவும் வேண்டாம். பேசி முடித்த விசயம் பேசி முடித்ததாகவே இருக்கட்டும். பெருமையாகச் சொன்னாலும் எரிச்சலாகச் சொன்னாலும் கேட்கிறவருக்கு அது கணக்கு வாசிப்பதாகத்தான் விளங்கும். குடியின் பெயரைச் சொல்லிப் பெருமை பேசுவதும் வேண்டாம். எந்தக் குடி பெரிது என்ற கதை கோயில் முற்றத்திலேயே தீராதது, பந்தலில் தீராது. மகளுக்குச் சமைக்கத் தெரியாது, மருமகன் மெலிவு, சம்பளம், தலைமயிர் என்று ஆட்களைத் தொடும் எதுவும் சேராது. “எத்தனையோ மாப்பிள்ளை பார்த்தோம், ஒன்றும் சரிவரவில்லை” என்று உண்மையைச் சொல்லும் அப்பாமார் இருக்கிறார்கள். மிச்சமானதைத்தான் எடுத்தோம் என்று அதற்கு அர்த்தம் வரும்.

மாப்பிள்ளை வீடு வேறு மாகாணத்திலிருந்து வந்தால் ஒரு பழைய பகிடி எல்லார் வாயிலும் நிற்கும்: மட்டக்களப்புக்கு வந்தவனைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்பது. இதை மாப்பிள்ளை பக்கம் சொன்னால் குத்தல், எங்கட பக்கம் சொன்னால் பகிடி. ஆகவே அவர்கள் பதில் உரையில் சொல்லக்கூடும் என்று தோன்றினால் அப்பா முந்திக்கொள்ள வேண்டும். “பாயில ஒட்ட வைப்பம் எண்டு கேள்விப்பட்டிருப்பீங்க. நாங்க இப்ப கட்டில்தான் பாவிக்கிறம், பயப்பிட வேண்டாம்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் அதற்குமேல் யாரும் அதை எடுக்க மாட்டார்கள். மருந்து, மந்திரம் என்று நீட்டினால் உண்மையாகவே நம்புகிற ஒரு கிழவி அந்தக் கூட்டத்தில் இருப்பா, பிறகு தயிரைத் தொடமாட்டா.

மொத்தத்தில் மூன்று பகிடி போதும். நாலாவது பகிடியோடு வரவேற்புரை மேடைப் பேச்சாகிவிடும்.

நேரம் பிசகினால்

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் பின்னேரம் 4.30 முதல் 6 வரை, அதனால் காலையில் அது தொல்லையில்லை. ஆனால் மத்தியானம் 12 முதல் 1.30 வரை எமகண்டம். ஆகவே 12க்கு முதல் மோதிரம் மாற்றி முடிக்க வேண்டும் என்று ஐயர் சொல்லியிருப்பார். மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு வந்தால் முழு உரைக்கும் இடம் உண்டு. கல்முனையில் வாகன நெரிசலில் நின்று பதினொன்றேகாலுக்கு வந்து இறங்கினால் என்ன செய்வது? அவர்கள் முகம் கழுவி, தண்ணீர் குடித்து இருக்கவே பதினைந்து நிமிசம் போகும். பெரியவர்களின் காரியத்துக்கு அரை மணித்தியாலம் வேண்டும்.

அப்போது மூன்று துண்டை மட்டும் பேசுங்கள்: வாங்க, அம்மாவுக்கு நன்றி, சாப்பிட்டுத்தான் போக வேண்டும். ஒரு நிமிசத்தில் முடியும். மருமகன் பகிடியையும் தீர்த்த வழக்கையும் பந்தியில் சொல்லலாம், அங்கே இன்னும் நன்றாகவே எடுபடும். இதற்காகவே தாளில் அந்த மூன்று துண்டையும் முன்கூட்டியே சிவப்புப் பேனையால் கோடிட்டு வையுங்கள். அவசரத்தில் நின்றுகொண்டு எதை வெட்டுவது என்று யோசித்தால் நன்றிதான் வெட்டுப்படும். தாமதத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், “பரவாயில்லை” என்பதும் வேண்டாம். பரவாயில்லை என்றாலே குற்றம் இருந்தது என்று ஆகிவிடும்.

மைக், தாள், தொண்டை

வீட்டு முற்றத்துப் பந்தலில் அறுபது பேருக்கு மேல் இருந்தால் மைக் வேண்டும். ஆவணியிலும் கச்சான் காற்று நின்றுவிடாது. அது மைக்கில் பட்டால் சீறும். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், மைக்கின் வாயில் ஒரு பஞ்சுறை போடச் சொல்லுங்கள். நிற்கும் பெரிய ஃபேனுக்கு நேரே நின்றாலும் இதே சத்தம் வரும். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் பிடியுங்கள். “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” எல்லாம் மாப்பிள்ளை வீட்டார் வரமுதல் சவுண்ட்காரப் பொடியன் செய்து முடித்திருக்க வேண்டும். பாட்டை நிறுத்துவதும் அவனுடைய வேலைதான். அப்பா எழும்பும்போது யார் அவனுக்குச் சைகை காட்டுவது என்று முதலே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் நாதஸ்வரத்தோடு போட்டிபோட்டு வணக்கம் சொல்ல வேண்டிவரும்.

போனைப் பார்த்து வாசிக்க வேண்டாம். நடுவில் யாராவது அழைப்பார்கள், திரை இருண்டுவிடும், கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. தாளில் ஒரு வரிக்கு ஏழெட்டுச் சொல் வரும்படி எழுதி, வாசிக்கிற கண்ணாடியைச் சட்டைப் பையில் வையுங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்யப் போகாதீர்கள். ஒரு வரி மறந்தால் பின்னால் உள்ளதெல்லாம் சேர்ந்து மறக்கும். முதல் வணக்கத்தையும் அம்மாவுக்குச் சொல்லும் வரிகளையும் மட்டும் பாடமாக்கினால் போதும், அந்த இரண்டு இடத்திலும் தாளைப் பார்க்காமல் ஆளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மீதியை வாசித்தாலும் குறையில்லை.

உரத்து வாசித்துப் பாருங்கள், இரண்டு தடவை, மனைவிக்கு முன்னால். ரிமோட் கதை அவவைப் பற்றியதும்தான், மேடையில் முதன்முதலாகக் கேட்டு முகம் கறுக்கக்கூடாது. மகளுக்கு மட்டும் வாசித்துக் காட்ட வேண்டாம், இருவரும் அழுது அந்தத் துண்டையே வெட்டிவிடுவீர்கள்.

தாளின் ஒரு பிரதி பொம்பிளையின் தாய்மாமனிடம் இருக்கட்டும், அவர் இரண்டடி தள்ளி நிற்கட்டும். தொண்டை அடைத்தால் அப்பா ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். பத்து நொடி மௌனம் சபைக்குப் பாரமில்லை. அதற்கு மேலும் முடியாவிட்டால் தாய்மாமன் தீர்த்தத் துண்டிலிருந்து எடுத்து வாசிப்பார். “மச்சானுக்கு ஏலாமப் போச்சு, நான் முடிக்கிறன்” என்று ஒரு சிரிப்போடு தொடங்கினால் அதுவே நாலாவது பகிடி, அந்த ஒன்றுக்கு விதிவிலக்குக் கொடுக்கலாம்.

முடித்த உடனே மைக்கை மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் கையிலேயே கொடுங்கள், மேசையில் வைக்க வேண்டாம். அவர் பேசும்போது அப்பா சமையல் பக்கம் ஓடாமல் இருந்து கேட்க வேண்டும். பந்தி வைக்கும் நேரம் முதல் வேலையாக அக்காவிடம் போய், “வாங்க அக்கா, சாப்பிடுவம்” என்று அவவைக் கூட்டிக்கொண்டு போங்கள். தயிரையும் அப்பாவே பரிமாறலாம்.